மொட்டை மாடியில் ஓர் அறை: எந்த இலவச வரைபட மென்பொருள் போதும்?

கேள்வி: செம்பாக்கத்தில் அரை கிரவுண்டில் எங்கள் வீடு, 30-க்கு 40 மனை. கீழே பின்பக்க மூலையில் இருக்கும் படுக்கையறைக்கு நேர் மேலே, மொட்டை மாடியில் ஓர் அறை எடுக்க நினைக்கிறோம். கீழறை உள்ளளவு 10-க்கு 11 அடி. மேலறை சற்றுப் பெரிதாக, பத்தரைக்குப் பன்னிரண்டாக இருக்கட்டும் என்பது வீட்டாரின் ஆசை. மேஸ்திரி தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுகிறார், எனக்குப் பிடிபடவில்லை. நானே ஒரு பிளான் வரைந்து மேஸ்திரியிடமும் ஆசாரியிடமும் கொடுக்க ஆசை. ஆட்டோகேட் வாங்கும் வசதி இல்லை. மகனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் சும்மா கிடக்கிறது. அதில் ஓடக்கூடிய இலவச மென்பொருள் எது? முப்பரிமாணம் எல்லாம் தேவைப்படுமா?
— ஒரு வாசகர், செம்பாக்கம்

பதில்: உங்களுக்கு லிப்ரேகேட் போதும். முப்பரிமாணம் தேவையில்லை. ஏன் என்பதைச் சொல்லிவிட்டு, உங்கள் அறையையே வரைந்து காட்டுகிறேன்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வரைந்த படம் யார் கைக்குப் போகிறது? உங்கள் படம் மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் போகிறது. அவர்களுக்கு வேண்டியது அளவு போட்ட ஒரு தாள். தாளுக்கும் பிடிஎஃப்புக்கும் லிப்ரேகேட் தாராளம். பொறியாளர் அலுவலகத்துக்கு ஆட்டோகேட் கோப்பாகவே அடிக்கடி அனுப்பி வாங்க வேண்டியவர் என்றால் கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

‘இலவசம்’ என்றால் எதுவரை?

இலவச மென்பொருள்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நிறுவனம் தன் விருப்பப்படி விலையில்லாமல் தருவது. மற்றது, மூலநிரலையே பொது உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு வரைபவர்கள் இந்த வித்தியாசத்தை நேரில் பார்த்தது டிராஃப்ட்சைட் விஷயத்தில். பிரான்ஸின் தஸ்ஸோ நிறுவனம் அதைப் பல வருடம் இலவசமாகத் தந்தது. ஆட்டோகேட் கோப்புகளை நேரடியாகத் திறந்ததால் இங்கேயும் நிறைய பேர் பயன்படுத்தினார்கள். 2019 பதிப்பு கட்டணத்துக்கு மாறியது. பழைய இலவசப் பதிப்புகளும் 2019 டிசம்பர் 31-க்குப் பிறகு திறக்காமல் நின்றுபோயின. இன்றும் பழைய வீடியோக்களில் “இலவச டிராஃப்ட்சைட்” என்று வரும். அதை நம்பித் தேட வேண்டாம்.

லிப்ரேகேட் இரண்டாம் வகை. ஸ்விட்சர்லாந்தின் ரிப்பன்சாஃப்ட் நிறுவனம் 1999 முதல் உருவாக்கிவரும் க்யூகேட் என்ற மென்பொருளின் சமூகப் பதிப்பு பொது உரிமத்தில் வெளிவந்தது. அந்த நிரலை எடுத்துத் தன்னார்வலர்கள் தனியே வளர்த்ததுதான் லிப்ரேகேட். நாளை அதை உருவாக்குபவர்கள் விலகினாலும், உங்கள் கணினியில் ஏற்றிய பதிப்பு நிற்காது. உங்கள் படம் `.dxf` என்ற வடிவில் சேமிக்கப்படும். அது ஆட்டோகேட் 1982-இல் வந்தபோதே படங்களைப் பரிமாறிக்கொள்ள உண்டான வடிவம். அநேகமாக எல்லா வரைபட மென்பொருளும் அதைத் திறக்கும். இரண்டு வருடம் கழித்து வீட்டில் இன்னொரு வேலை எடுக்கும்போது இதே படத்தை நீங்கள் தொடர முடியும். வீட்டுப் பிளான் விஷயத்தில் இது சின்ன லாபம் அல்ல.

க்யூகேட்டும் நல்ல மென்பொருள்தான். ஆனால் அதைத் தரவிறக்கினால் முதலில் திறப்பது கட்டணப் பதிப்பின் சோதனை ஓட்டம். ஒரு தடவைக்கு 15 நிமிடத்தில் நின்றுவிடும். பலர் அதைப் பார்த்துவிட்டு “இது இலவசம் இல்லை” என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சோதனை நீட்சியை நீக்கிவிட்டால் மிஞ்சுவது இலவசச் சமூகப் பதிப்பு. புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தச் சுற்று வேண்டாம் என்பதால்தான் லிப்ரேகேட்டைச் சொல்கிறேன். ஃப்ரீகேட் முப்பரிமாணத்துக்கானது, ஓர் அறைக்கு அதைக் கற்கச் செலவாகும் நேரம் மிக அதிகம், பழைய லேப்டாப்புக்கும் அது கனம்.

2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த எல்காட் லேப்டாப்களில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. லிப்ரேகேட் சிறிய மென்பொருள், இரண்டிலும் ஓடும். விண்டோஸ் என்றால் `librecad.org` தளத்தில் இருந்து இறக்குங்கள். லினக்ஸ் என்றால், அந்தப் பதிப்புக்கு இன்னும் மென்பொருள் களஞ்சியம் கிடைக்கிற பட்சத்தில், ஒரே வரி:

```
sudo apt install librecad
```

வரைவதற்கு முன் நாடா

கணினியைத் திறக்கும் முன் கீழறையை அளந்து வாருங்கள். நான்கு சுவரையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எதிர்ச்சுவர் அதே அளவாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடக்கூடாது. கூடவே இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துகொள்ளுங்கள். 10-க்கு 11 அறை சரியான மூலைமட்டத்தில் இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 14 அடி 10⅜ அங்குலம் வரும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் அறை கோணலாக இருக்கிறது என்று பொருள். அரை அங்குல வித்தியாசம் பூச்சுக் கனத்தில் வரும், விட்டுவிடலாம். இரண்டு அங்குலம் என்றால் கோணலை அப்படியே வரைய வேண்டும். அதற்கு வழி எளிது. ஒரு சுவரைக் கோடாகப் போட்டு, அதன் ஒரு முனையில் பக்கச்சுவர் நீளத்தையும் மறுமுனையில் மூலைவிட்ட நீளத்தையும் ஆரமாக வைத்து இரண்டு வட்டம் போடுங்கள். அவை வெட்டும் புள்ளிதான் அடுத்த மூலை.

சுவர்க்கனத்தையும் கதவு நிலை அருகே அளந்து பாருங்கள். 9 அங்குலச் சுவரா, நாலரை அங்குலத் தடுப்பா என்பது பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது. உங்கள் அறையில் நான்கும் 9 அங்குலச் சுவர், மூலைமட்டமும் சரி என்று வைத்துக்கொண்டு வரைகிறேன்.

கீழறை, பிறகு மேலறை

புதிய படத்தைத் திறந்ததும் முதல் வேலை அலகு. `Current Drawing Preferences` சாளரத்தில் `Units` பகுதிக்குப் போய், அலகை `Inch` ஆகவும் நீள வடிவத்தை `Architectural` ஆகவும் மாற்றுங்கள். இதை மறந்துவிட்டால் எல்லாம் மில்லிமீட்டர் ஆகிவிடும். படம் பார்க்கச் சரியாகவே இருக்கும், அச்சில்தான் குளறுபடி தெரியும்.

படத்தை எப்போதும் நிஜ அளவிலேயே வரைய வேண்டும். தாளுக்குச் சுருக்குவது அச்செடுக்கும்போதுதான். நாம் எல்லாவற்றையும் அங்குலத்தில் தட்டுவோம்: 10 அடி என்றால் 120, 11 அடி என்றால் 132. இருபுறமும் 9 அங்குலச் சுவர் சேர்ந்தால் வெளியளவு 138-க்கு 150.

பிறகு அடுக்குகள். அடுக்குப் பட்டியலில் `KEEZH`, `MEL`, `ALAVU` என்று மூன்று உண்டாக்கி, ஆளுக்கொரு நிறம் கொடுங்கள். பெயர்களை ஆங்கில எழுத்தில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லிப்ரேகேட் தன் சொந்தக் கோட்டு எழுத்துருக்களைக் கொண்டு படத்தில் எழுதுகிறது. அதில் தமிழ் உயிர்மெய்கள் ஒழுங்காகச் சேர்வதில்லை. படத்துக்குள் போடும் அறைப் பெயர்களையும் ஆங்கிலத்திலேயே போட்டுவிடுங்கள். அடுக்குப் பெயரும் அப்படியே இருந்தால் குழப்பம் இல்லை.

`KEEZH` அடுக்கைத் தேர்ந்தெடுத்து, கட்டளை வரியில் கீழ்க்கண்டதை ஒவ்வொரு வரியாகத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் என்டர் அழுத்துங்கள். இது சுவரின் வெளிக்கோடு:

```
line
0,0
@138,0
@0,150
@-138,0
@0,-150
```

`@` என்பது “இப்போது நிற்கும் புள்ளியிலிருந்து” என்று பொருள். முடிந்ததும் எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து, உட்கோட்டைப் போடுங்கள்:

```
line
9,9
@120,0
@0,132
@-120,0
@0,-132
```

கீழறை தயார். இப்போது `MEL` அடுக்குக்கு மாறி, அதே மூலையில் தொடங்கி மேலறையை வரையுங்கள். பத்தரை அடி 126 அங்குலம், 12 அடி 144. சுவரோடு வெளியளவு 144-க்கு 162. ஆக வெளிக்கோட்டுக்கு 138, 150 இருந்த இடங்களில் 144, 162. உட்கோட்டுக்கு 120, 132 இருந்த இடங்களில் 126, 144. மற்றதெல்லாம் அப்படியே.

இரண்டு அடுக்கையும் ஒன்றாகத் திரையில் வைத்துப் பாருங்கள். வலது பக்கம் கீழ்ச்சுவர் 129-லிருந்து 138 வரை நிற்கிறது. மேல்சுவர் 135-லிருந்து 144 வரை வருகிறது. ஒன்பது அங்குலத்தில் மூன்று அங்குலம்தான் கீழ்ச்சுவர் மேல் உட்காருகிறது, மீதி ஆறு அங்குலம் பக்கத்து அறையின் தளத்தின் மேல். மற்றொரு பக்கம் இன்னும் மோசம். கீழ்ச்சுவர் 150-இல் முடிகிறது, மேல்சுவர் 153-இல்தான் தொடங்குகிறது. அந்தச் சுவருக்குக் கீழே சுவரே இல்லை. முழுக் கனமும் கான்கிரீட் தளத்தின் மேல்தான்.

உங்களுக்கு இருபரிமாணப் படம் போதும் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். இந்தப் பிரச்சினை அழகான முப்பரிமாணக் காட்சியில் கண்ணில் படாது. மேலிருந்து பார்க்கும் இரண்டு நிறக் கோடுகளில் உடனே தெரிந்துவிடும். சாக்பீஸ் கோட்டிலும் தெரியாது, ஏனென்றால் மாடியில் நிற்பவருக்குக் கீழ்ச்சுவர் எங்கே இருக்கிறது என்பது மறைந்துவிடுகிறது.

உங்கள் முன்னால் இப்போது இரண்டு வழி இருக்கிறது. மேலறையையும் 10-க்கு 11 ஆகவே வைத்து, சுவர் மேல் சுவர் உட்காரும்படி கட்டுவது ஒன்று. ஆறு அங்குலமும் ஓர் அடியும் கட்டாயம் வேண்டும் என்றால், அந்த இரண்டு சுவர்களையும் தாங்கப் பீம் போட வேண்டுமா, வேறு வழி உண்டா என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்பது மற்றொன்று. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அந்தப் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும். என்னைக் கேட்டால் முதல் வழிதான்.

அச்சில் அளவு தவறாமல் இருக்க

`ALAVU` அடுக்குக்கு மாறி `Dimension` கருவியால் அளவுகளைப் போடுங்கள். புதியவர்கள் எல்லோரும் திகைக்கும் இடம் இது. அளவு போட்டாயிற்று, எண்ணைக் காணோம்; உருப்பெருக்கிப் பார்த்தால் புள்ளி போல இருக்கும். எழுத்தின் உயரமும் நிஜ அளவிலேயே கணக்கிடப்படுவதுதான் காரணம். தாளில் கால் அங்குலத்தை ஓர் அடியாக வைத்தால் படம் 48 மடங்கு சுருங்கும். தாளில் எழுத்து எட்டில் ஒரு பங்கு அங்குலம் தெரிய வேண்டுமென்றால், படத்தில் அதன் உயரம் 6 அங்குலம் இருக்க வேண்டும். `Current Drawing Preferences` சாளரத்தின் `Dimensions` பகுதியில் எழுத்து உயரத்தை 6 ஆக்குங்கள். அம்புக்குறியின் அளவையும் அதையொட்டிக் கூட்டிவிடுங்கள்.

கால் அங்குலம் ஓர் அடி என்ற அளவு உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அந்த அளவில் 30-க்கு 40 மனை முழுவதுமே ஏழரைக்குப் பத்து அங்குலம் ஆகும். ஏ4 தாள் கிட்டத்தட்ட எட்டேகாலுக்குப் பதினொன்றரைக்கும் மேல். பின்னால் மொத்த வீட்டையும் வரைந்தாலும் ஒரே தாளில் அடங்கும்.

`Print Preview` திறந்து அளவை `1:48` என்று கொடுத்து, தாளின் நடுவே படத்தை நிறுத்தி, பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ஜெராக்ஸ் கடையில் கொடுக்கும்போது “ஆக்சுவல் சைஸ், 100 பர்சென்ட்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். “ஃபிட் டு பேஜ்” என்பது அங்கே தானாகவே தேர்வாகியிருப்பது சகஜம். அதில் எடுத்தால் அளவு மாறிவிடும், பார்வைக்குத் தெரியாது. கடையை விட்டு இறங்கும் முன் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 10 அடிச் சுவரின் உள்ளளவு தாளில் சரியாக இரண்டரை அங்குலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். ஆசாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் திரையைப் படம் பிடித்து அனுப்பாமல் பிடிஎஃப்பையே ஆவணமாக அனுப்புங்கள்.

ஸ்கேல் சரியாக இருந்தாலும், தாளில் ஸ்கேல் வைத்து அளந்து வேலை செய்யக் கூடாது, எழுதிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். மூலைவிட்ட அளவையும் படத்தில் ஓர் ஓரமாக எழுதிக் கொடுங்கள். சுவர் கோடு போட்டதும் நாடா பிடித்து மூலைமட்டம் பார்த்துக்கொள்ள அவருக்கு உதவும்.

எங்கே இது போதாது?

இரண்டு இடத்தில். முதலாவது, ஆட்டோகேட்டின் `.dwg` கோப்பு. லிப்ரேகேட் அதைப் பல சமயம் திறக்கும், ஆனால் புதிய பதிப்புக் கோப்புகளில் தடுமாறும். அந்த வடிவில் சேமிக்கவும் முடியாது. வீடு கட்டிய காலத்துப் படம் பொறியாளரிடம் இருந்தால் `.dxf` ஆகச் சேமித்துத் தரச் சொல்லுங்கள். 2007 அல்லது அதற்கும் முந்தைய வடிவாக இருந்தால் தொல்லை இருக்காது. இப்படி மாதத்துக்கு நான்கு கோப்பு வந்து போகும் நிலை இருந்தால் மட்டும், க்யூகேட்டின் கட்டணப் பதிப்பு போல `.dwg` எழுதக்கூடிய ஒன்றை யோசிக்கலாம். உங்களுக்கு அந்தத் தேவை இல்லை. திருட்டு ஆட்டோகேட் ஏற்றித் தருகிறேன் என்பவர்களையும், மாணவர்களுக்கான இலவச உரிமத்தை வீட்டு வேலைக்கு எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். மாணவர் உரிமம் படிப்புக்கு மட்டுமே.

இரண்டாவது, அனுமதி. செம்பாக்கம் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. மாடியில் அறை எடுக்க அனுமதி வேண்டும். 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டம் 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை கட்டும் தரைத்தளம் அல்லது தரையோடு ஒரு மாடி வீடுகளுக்கு உடனடி அனுமதி தருகிறது. அளவில் உங்கள் வீடு அதற்குள் வருகிறது. ஆனால் விதிகளுக்கு உட்பட்டிருக்கிறது என்று சான்று கொடுப்பவர் நீங்களே என்பதால் பொறுப்பும் உங்களுடையது. ஏற்கெனவே உள்ள வீட்டின் மேல் கட்டும் உங்கள் நிலைமைக்கு எந்த வழி பொருந்தும் என்பதைப் பதிவு பெற்ற பொறியாளரிடம் உறுதி செய்துகொண்டு, அனுமதிக்கான படத்தை அவரையே போடச் சொல்லுங்கள். நீங்கள் வரைந்தது அந்தப் படத்துக்கு மாற்று ஆகாது. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவருக்குப் பிசகில்லாமல் சொல்லும் தாள் அது.

கற்றுக்கொள்ள யாரையாவது கேட்க வேண்டும் என்றால், கட்டற்ற மென்பொருள் பற்றி 2012 முதல் தமிழில் எழுதிவரும் கணியம் தளத்தையும், சென்னை லினக்ஸ் பயனர் குழுவையும் நாடலாம்.

இந்த வார இறுதியில் கீழறையை மட்டும் வரைந்து பழகுங்கள். மென்பொருளைக் கொண்டே இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து, நாடாவில் வந்த அளவோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் உங்கள் கீழறைப் படத்தை நம்பலாம். மேலறையை அதன் மேல் தொடங்குங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மேலறையைத் தொடாமல், மீண்டும் நாடாவை எடுத்துக்கொண்டு கீழே போங்கள். கீழறையில் விட்ட இரண்டு அங்குலப் பிழை மேலே சுவராகி நின்ற பிறகு அதைத் திருத்த எந்த மென்பொருளாலும் ஆகாது.